துக்க வீட்டுக்குப் போகிற கங்காணியும் கணக்கப்பிள்ளையும்

(கங்காணிமார், பெண் தலைவிகள், பிள்ளை மடுவப் பொறுப்பாளர்கள் கலந்துகொண்ட பயிற்சி நாளில், ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



என்னைக் கூப்பிட்டவங்க, "ஐயா, கூட வேலை செய்யிற ஒருத்தருக்குப் புருஷனோ பொண்டாட்டியோ தவறிட்டா நாம எப்படித் துக்கம் விசாரிக்கணும்னு பேசுங்க" என்று கேட்டாங்க. கேட்டவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது. இதைக்கூடவா சொல்லிக் கொடுக்கணும்? பிறந்ததிலிருந்து இழவு வீடு பார்த்துத்தானே வளர்ந்தோம். தப்புச் சத்தம் கேட்டால் எந்த லயம் என்று காதைக் கொடுப்போம், சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடுவோம். அது நம்ம பழக்கம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆளாகப் போவது லேசு. கங்காணியாக, கணக்கப்பிள்ளையாக, மடுவத்துப் பொறுப்பாளராகப் போவதுதான் லேசில்லை. நேற்று "கொழுந்து முத்தலாக இருக்கு" என்று ஏசின அதே வாய்தான் இன்றைக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். நாளைக்கு அதே ஆள் பேர் போட வேண்டும், அதே ஆள் கொழுந்து நிறுக்க வேண்டும். அதிகமாக நெருங்கினால் வேலையில் வில்லங்கம் வரும். விலகி நின்றால், இவ்வளவு காலம் கூட இருந்தவன் கல்லா என்று கேட்பார்கள். நான் முப்பத்தொரு வருஷம் அந்த வேலை பார்த்தேன். இதில் நான் செய்த பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தத் தோட்டம், யார் என்பது இங்கே வேண்டாம். பிழை என்னுடையது.

1996ஆம் வருஷம், ஆனி மாதம், தென்மேற்கு மழை பிடித்த நேரம். என் மலையில் கொழுந்தெடுக்கிற ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும், மூன்று பிள்ளைகள். புருஷன் அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், நல்ல கைக்காரர். காய்ச்சல் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அஞ்சாம் நாள் முடிந்துவிட்டார். மத்தியானம் கொழுந்து மடுவத்தில் நிறுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் ஓடி வந்து சொன்னான். அந்த அக்கா அப்போது கூடையை இறக்கிக்கொண்டு வரிசையில்தான் நின்றாள். பையன் என் காதில் சொல்லாமல் எல்லார் காதிலும் சொன்னான். அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது, தராசுக்கு முன்னால்.

அன்றைக்கு அந்தியிலே நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சேற்றுச் சப்பாத்தோடு வாசலில் நின்றேன். என்னைக் கண்டதும் உள்ளே இருந்த ஆம்பிளைகள் எல்லாம் எழும்பிவிட்டார்கள். யாரோ ஓடிப் போய் மேட்டு லயத்திலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். அதை எங்கே போட்டார்கள் தெரியுமா? பெண்கள் உட்கார்ந்திருந்த பாய்க்கு நேரே. நானும் உட்கார்ந்தேன். அவர்கள் தரையில், நான் நாற்காலியில். ஒப்பாரி நின்றுபோனது. ஐயா வந்திருக்கிறார் என்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "எப்படி நடந்திச்சு?" என்று கேட்டேன். அவள் முதலிலிருந்து சொன்னாள். காய்ச்சல் வந்த நாள், லொறி கிடைக்காதது, ஆஸ்பத்திரி, டொக்டர் சொன்னது எல்லாம். பிறகுதான் ஒரு கிழவி சொன்னாள், "இதோட பத்துத் தடவையாச்சுங்க ஐயா, வாற ஆளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி தொண்டை கட்டிப்போச்சு." நான் கேட்டது ஆறுதல் இல்லை, விசாரணை.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. மனசு கரைந்துவிட்டது. "நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே, காசு வேலையெல்லாம் நான் முடிச்சுத் தாறேன், நாளெல்லாம் பேர் போட்டுவிடுறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்னது போலவே, அவள் வீட்டில் இருந்த எட்டு நாளில் நாலு நாளைக்கு செக்ரோலில் பேர் போட்டேன். மாசக் கடைசியில் பெரிய கிளாக்கர் கொழுந்துக் கணக்கையும் பேர்க் கணக்கையும் ஒத்துப் பார்த்தார். கொழுந்து இல்லாத பேர் நாலு. வெட்டிவிட்டார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அது எனக்குத் தேவைதான். ஆனால் சம்பள நாளில் அவள் எதிர்பார்த்த காசு குறைவாக இருந்தது. வரிசையில் நின்ற இன்னொருத்தி, "ஐயா போட்ட கள்ளப் பேரைக் கிளாக்கர் வெட்டிட்டாராம்" என்று சத்தமாகச் சொன்னாள். தாலியிழந்து ஒரு மாசம் ஆகாத மனுசிக்குக் கள்ளப்பேர் வாங்கினவள் என்ற பட்டம் என்னாலே வந்தது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்பதாம் நாள் நடந்தது. எட்டாம் துக்கம் முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். விடிகாலை, பெரட்டுக்களம், பனி. நான் புத்தகத்தைத் திறந்து வழக்கம் போலப் பேர் வாசித்தேன். கவ்வாத்துக்காரர் பக்கம் வந்தபோது அவருடைய பேரையும் வாசித்துவிட்டேன். அது புத்தகத்தில் இருந்தது, யாரும் கோடு போடவில்லை, என் வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. ஒருத்தரும் பேசவில்லை. அவள் தலையில் போட்டிருந்த கொங்காணியை முகம் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டாள். அந்தச் சத்தமில்லாத நேரம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

இதிலிருந்து நான் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். துக்க வீட்டில் நான் அளவுக்கு மீறி அன்பு காட்டினேன். என் சொந்த வேலையில், அந்தப் புத்தகத்தில் ஒரு கோடு போடுகிற வேலையில், அன்பில்லாதவனாக இருந்தேன். இரண்டையும் மாற்றிச் செய்திருக்க வேண்டும்.

முதலில் செய்தி சொல்கிற விஷயம். மலையில் வேலை செய்கிறவளுக்கு வீட்டுச் சாவு தெரியவரும்போது, முதலில் உங்களிடம்தான் ஆள் வரும். வருகிற ஆளை நெரைக்குள்ளே விடாதீர்கள். பாதையிலேயே நிறுத்தி நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய சொந்தக்காரி ஒருத்தியோ, கூட்டாளி ஒருத்தியோ பக்கத்தில் இருப்பாள். அவளைக் கூட வைத்துக்கொண்டு, கூடையை இறக்கச் சொல்லி, ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொல்லுங்கள். "சுகமில்லையாம், வீட்டுக்குப் போ" என்று பொய் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பாதி வழியில் வேறு யாராவது உண்மையைச் சொல்வார்கள், பிறகு நீங்கள் சொல்வதை அவள் நம்பமாட்டாள். சொல்லிவிட்டுத் தனியாக அனுப்பவும் கூடாது. கூட ஒருத்தியை அனுப்புங்கள், அவளுக்கு அன்றைக்கு என்ன பேர் என்பதை அப்போதே வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டு முடிவு பண்ணிவிடுங்கள். துணைக்குப் போனவளுடைய அரை நாள் பேருக்குப் பிறகு சண்டை வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொழுந்து நிறுக்காமல் கிடந்தால் அதையும் மறக்காதீர்கள். கூட்டாளி ஒருத்தி கொண்டுபோய் அவள் பேரில் நிறுக்கட்டும், அது அவள் உழைத்தது.

அடுத்தது வீட்டுக்குப் போகிறது. போகத்தான் வேண்டும், ஆள் அனுப்பினால் போதாது. முதல் நாள் போகிறவர் வாசலிலேயே நின்று, வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, "யாரும் எழும்ப வேணாம், நான் பார்த்துட்டுப் போக வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். நாற்காலி கொண்டுவந்தால் அதை ஆம்பிளைகள் இருக்கிற பக்கம் போடச் சொல்லுங்கள். எல்லாரும் தரையில் என்றால் நீங்களும் பாயில் உட்காருங்கள். உத்தியோகம் அதனால் குறையாது. ஆம்பிளைக் கங்காணி என்றால் பெண் தலைவி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. அவள் கட்டிப் பிடித்து அழுவாள். அது நம்மால் முடியாது, செய்யவும் கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். நாம் இருக்கிற வரைக்கும் அவர்கள் வாய்விட்டு அழ மாட்டார்கள், அதை மறக்காதீர்கள். எழும்பும்போது "போயிட்டு வாறேன்" என்று சொல்லாமல் வருவது நம்ம வழக்கம், உங்களுக்கே தெரியும். பேசாமல் எழும்பி வந்துவிடுங்கள்.

என்ன பேசுவது? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். அது வேண்டுமென்றால் அண்ணன் தம்பியிடம் வெளியே கேளுங்கள். "எல்லாம் விதி", "பிள்ளைகளுக்காகத் தாங்கிக்க", "எனக்கும் இப்படித்தான் நடந்திச்சு" இதெல்லாம் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அவள் தாங்காமல் இருக்க உரிமையில்லையா என்று தோன்றும். அதற்குப் பதிலாக, இறந்தவரின் பேரைச் சொல்லி, நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். நம்மிடம் சொந்தக்காரருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவர் மலையில் எப்படி இருந்தார் என்பது நமக்குத்தான் தெரியும். இன்றைக்கு அந்தக் கவ்வாத்துக்காரர் வீட்டுக்கு நான் போனால் இதைத்தான் சொல்வேன்: "அவர் வெட்டின மலையில கட்டை சிம்பா உடைஞ்சு கிடந்து நான் பார்த்ததில்லை. சாய்வா, ஒரே வெட்டு. புதுசா வந்த பையன்களுக்குக் கத்தி தீட்டக் காட்டிக் கொடுத்தது அவர்தான்." அவ்வளவுதான். இது பொய்யில்லை, புகழ்ச்சியில்லை, வேலைக்காரன் வேலைக்காரனைப் பற்றிச் சொல்வது. அவருடைய மகன் அதைக் கேட்டால் மனசில் வைத்துக்கொள்வான். குடிகாரராக இருந்தவரையோ சண்டைக்காரரையோ பற்றி இல்லாததைச் சொல்லப் போகவேண்டாம். அப்படி ஆளாக இருந்தாலும் நல்லதாக ஒரு காரியம் செய்திருப்பார், அதைத் தேடிக்கொண்டு போங்கள்.

காசு, பேர், வீடு, வேலை இவைகளைப் பற்றி அந்த வீட்டில் ஒரு வார்த்தையும் கொடுக்காதீர்கள். மனசு கரைந்து நிற்கிற நேரம்தான் நம்ம கையில் இல்லாததைக் கொடுத்துவிடுவோம். அப்படியே கேட்டால், "அதை நான் ஒப்பீசில கேட்டு, எட்டு முடிஞ்ச பிறகு ஒங்களுக்குச் சொல்லுறேன்" என்று நாள் சொல்லி முடியுங்கள். சொன்ன நாளில் சொல்லுங்கள். விடை "இல்லை" என்றாலும் போய்ச் சொல்லுங்கள்.

இனி நம்ம சொந்த வேலை. ஆறுதலில் பாதி இங்கேதான் இருக்கிறது, பேசாமலே செய்யலாம். அடுத்த நாள் காலை பெரட்டுக்கு முன்னால் புத்தகத்தை எடுத்து அந்தப் பேருக்கு எதிரே குறிப்பு எழுதுங்கள். வாசிக்கிற பட்டியல் எத்தனை இருக்கிறதோ அத்தனையிலும். செக்ரோல், கவ்வாத்துப் பட்டியல், பண்டிகை முற்பணப் பட்டியல், மாவு அரிசி கொடுக்கிற பட்டியல் இருந்தால் அது, பிள்ளை மடுவத்துப் புத்தகத்தில் தகப்பன் பேர் இருந்தால் அதுவும். நான் சொன்ன அந்தத் தோட்டத்திலேயே, நான் பெரட்டில் திருந்திய பிறகும், தீபாவளி முற்பணத்துக்கு வேறொருவர் வந்து பழைய பட்டியலை வைத்து அவர் பேரைக் கூப்பிட்டார். ஒரு பட்டியலில் வெட்டினால் போதும் என்று நினைத்தது என் பிழை.

அவர் கடைசியாக உழைத்த நாட்களின் சம்பளம் இருக்கும். அதை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தி, "இன்னாருடைய சம்பளத் துண்டு யாரு வாங்குறது?" என்று கேட்கிற நிலைமைக்கு விடாதீர்கள். பெரிய கிளாக்கரிடம் முன்கூட்டியே பேசி, எந்த நாள், யார் கையெழுத்து, என்ன கடதாசி வேண்டும் என்று கேட்டு, அவளைத் தனியாக ஒப்பீசுக்கு வரச் சொல்லுங்கள்.

பிறகு அவருக்குச் சேர வேண்டிய பெரிய காசுகள். இதில் அன்புள்ள ஆள் செய்ய வேண்டியது விஷயத்தைச் சரியாகச் சொல்வது. மூன்று வழியில் காசு வரும். ஊழியர் சேமலாப நிதி, அது தொழில் திணைக்களத்தின் வழியாகக் கேட்க வேண்டியது. ஊழியர் நம்பிக்கை நிதி, அதற்குத் தனிச் சபை, தனி விண்ணப்பம். மூன்றாவது தோட்டம் கொடுக்க வேண்டிய சேவைக்காலப் பணம். 1983ஆம் வருஷத்து 12ஆம் இலக்கச் சட்டப்படி, அஞ்சு வருஷமாவது வேலை செய்தவருக்கு, நாள் சம்பளக்காரர் என்றால் முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினாலு நாள் சம்பளம். வேலையை விட்டு நின்றவருக்கு மட்டுமில்லை, இறந்தவருடைய வாரிசுக்கும் உண்டு. நான் சொன்ன கவ்வாத்துக்காரர் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவர். இருபத்திரண்டைப் பதினாலால் பெருக்கினால் 308. அதாவது கடைசியாக அவர் வாங்கிய நாள் சம்பளம் எவ்வளவோ, அதில் 308 நாள். இப்படிக் கணக்குச் சொல்லலாம். ரூபாய்த் தொகையை நீங்கள் சொல்லாதீர்கள், அதை ஒப்பீஸ் எழுதிக் கொடுக்கட்டும். சேமலாப நிதியில் எவ்வளவு இருக்கும் என்றும் ஊகம் சொல்லாதீர்கள். ஒரு ஆயிரம் குறைந்தாலும் இடையில் யாரோ தின்றுவிட்டார்கள் என்ற பேச்சு வரும், அதில் முதல் பேர் உங்களுடையது.

இந்தக் காசுகளுக்குக் கேட்கிற கடதாசிகள் மரணச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இறந்தவரின் மரணம் அந்த ஆஸ்பத்திரிக்குரிய பதிவாளரிடமே பதியப்படும். வீட்டில் இறந்தால் தோட்ட ஒப்பீசுக்கு உடனே சொல்லுங்கள், பதிவு தாமதமானால் வேலை கூடும். நம்ம பக்கத்தில் பெரிய தலைவலி பேர் வித்தியாசம். அடையாள அட்டையில் ஒரு விதம், சேமலாப நிதிப் புத்தகத்தில் தகப்பன் பேரோடு ஒரு விதம், மரணச் சான்றிதழில் கூப்பிடுகிற பேர். மரணச் சான்றிதழ் எழுதும்போது யாராவது அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துபோகும். துக்க வீட்டில் அதை மகனிடமோ மச்சானிடமோ மெதுவாகச் சொல்லலாம். அந்த வீட்டில் பேசத்தக்க ஒரே ஒப்பீஸ் வேலை அதுதான் என்பது என் எண்ணம்.

கலியாணம் எழுதியிருக்கிறதா என்ற கேள்வி வேறு. நம்ம லயங்களில் தாலி கட்டி இருபது வருஷம் வாழ்ந்தும் எழுதாதவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை ஒரு கிளாக்கர் ஒப்பீஸ் யன்னலில் நின்று, பின்னால் பத்துப் பேர் இருக்கும்போது கேட்டதை நான் பார்த்தேன். "நீ எழுதின பொண்டாட்டியா?" என்று. அவர் கெட்டவரில்லை, விண்ணப்பத்தில் இருந்ததைக் கேட்டார். அந்த மனுசி அதற்குப் பிறகு மூன்று மாசம் ஒப்பீஸ் பக்கமே வரவில்லை. பிள்ளைகளுடைய காசும் அப்படியே கிடந்தது. கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும், அது தொழில். ஆனால் கதவை மூடிக்கொண்டு, பெண் தலைவி பக்கத்தில் இருக்க, "அக்கா, இதை எல்லார்கிட்டயும் கேட்கிறதுதான், ஒங்களை மட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். எழுதவில்லை என்று சொன்னால் முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள். அப்படி இருந்தாலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பேர் இருக்கும், தொழில் அலுவலகத்தில் போய்க் கேட்க வழி இருக்கும். அங்கே கேட்டதை மலையில் பேசாதீர்கள். இதை நான் இரண்டு தரம் சொல்லவில்லை.

இனி வேலைக்குத் திரும்புகிற நாள். அவள் வருகிறாள் என்று முதல் நாளே தெரியும். நம்ம பெண்கள் நல்ல மனசுக்காரிகள்தான், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் சூழ்ந்து கட்டிக்கொண்டு அழுதால் அவளுக்கு அன்றைக்கு வேலை ஓடாது. தலைவியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது, "வாங்க அக்கா. ஒங்க நெரை அதே இடந்தான்." நெரையை மாற்றாதீர்கள். பழைய கூட்டாளிகளுக்கு நடுவில் இருக்கட்டும். பாவம் என்று லேசான மலைக்கு மாற்றினால் மற்றவர்கள் முறைப்பார்கள், கஷ்டமானதுக்கு மாற்றினால் கேட்கவே வேண்டாம்.

கொழுந்து குறையும். கட்டாயம் குறையும், கை வேலை செய்தாலும் மனசு செய்யாது. அதை இருக்கிறபடி நிறுங்கள், இருக்கிறபடி எழுதுங்கள். நான் செய்தது போலப் பேரைக் கூட்டி எழுதாதீர்கள். ஆனால் குறைவுக்கு எல்லார் முன்னாலும் ஏசாதீர்கள். அன்று அந்தியில் தனியாக, "இன்னைக்கு இவ்வளவுதான் வந்திச்சு, அரைப் பேராத்தான் எழுத முடியும். அடுத்த கிழமையும் இப்படியே இருந்தா லீவு எப்படி எடுக்கலாம்னு நான் கேட்டு வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். லீவு விஷயம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், கேட்டுச் சொல்லுங்கள். உதவி செய்ய வேண்டும் என்று மனசு இருந்தால் செக்ரோலில் கை வைக்காமல் உங்கள் மடியில் கை வையுங்கள். மரண சங்கத்தில் சொல்லுங்கள். அரிசி கொடுங்கள்.

நெரை பற்றிப் பேசும்போது இன்னொன்று. புது மலை திறக்கும்போது சாமி கும்பிட்டு முதல் கொழுந்து எடுப்போம் இல்லையா? அதில் தாலியிழந்தவளைப் பின்னுக்கு நிற்கச் சொல்வது உண்டு. சில இடத்தில் காலையில் அவள் முகத்தில் முழிக்கக்கூடாது என்று பெரட்டில் ஒதுங்குவார்கள். பழைய பழக்கத்தை ஒரு நாளில் மாற்ற என்னால் முடியவில்லை. ஆனால் ஒன்று செய்தேன். பேர் வாசிக்கிற வரிசையை மாற்றவில்லை. அவள் பேர் மூணாவது என்றால் மூணாவதாகவே வாசித்தேன், அவள் அந்த இடத்தில்தான் நின்றாள். கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் தாலிக்கு ஒரு வரிசை கிடையாது. அதற்கு ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை.

மனைவியை இழந்த ஆம்பிளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனைப் பார்த்து யாரும் ஒதுங்க மாட்டார்கள். ஆனால் அவனிடம் யாரும் கேட்கவும் மாட்டார்கள். என் மனைவி 2011இல் தவறினாள், பிள்ளை மடுவத்தில் வேலை செய்தவள். அந்த மாசம் எத்தனையோ பேர் வந்தார்கள். எனக்குக் கீழே வேலை செய்த ஆட்களெல்லாம் கையைப் பிடித்து, "ஐயா தைரியமானவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தைரியமானவன் என்று சொன்னபிறகு நான் எப்படி அழுவது? நான் முன்னே சொன்ன அந்த அக்காவும் வந்தாள். அப்போது அவளுக்கும் ஓய்வுபெறுகிற வயது. உள்ளே வரவில்லை, வாசல் படியில் உட்கார்ந்தாள். "எம் மூணாவது புள்ளைக்கு அம்மை போட்டப்ப, மடுவத்துக்குக் கூட்டி வரவேணாம்னு சொல்லிட்டு, அந்தியில அந்தம்மா வீட்டுக்கே வந்து பார்த்துச்சுங்க. வேப்பிலை கொண்டாந்துச்சு" என்றாள். எனக்கு அது தெரியாது. என் மனைவி சொன்னதேயில்லை. அதைச் சொல்லிவிட்டு, போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் எழும்பிப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் நான் அழுதேன்.

ஆம்பிளைக்குக் கேட்க வேண்டியது சின்ன விஷயங்கள். பிள்ளைகளுக்குக் காலையில் யார் சமைக்கிறது, பெரட்டுக்கு வருமுன் மடுவத்தில் விட நேரம் போதுமா, மூத்த பொம்பிளைப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாரா. கடைசிக் கேள்வி முக்கியம். தாய் போன வீட்டில் பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடுப்படிக்குப் போய்விடும். ஒருத்தரும் கேட்கவில்லை என்றால் அப்படியே நின்றுவிடும். மடுவப் பொறுப்பாளர்கள் இதை முதலில் கவனிப்பீர்கள், கடைசிப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறது யார் என்று பார்த்தாலே தெரியும். தகப்பனிடம் தனியாகக் கேளுங்கள். அந்தியில் சாராயக் கடைப் பக்கம் பார்க்கும்போது கேட்க வேண்டாம், காலையில் கேளுங்கள்.

கடைசியாக நாள் கணக்கு. கருமாதி முடிந்தால் வருகிற ஆட்கள் நின்றுவிடுவார்கள். பந்தல் பிரித்துவிடுவார்கள், வெள்ளைக் கொடி அவிழ்த்துவிடுவார்கள். நம்மவர்களுக்கு உண்மையான இருட்டு அதற்குப் பிறகுதான். நான் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பொக்கட் டயரியில் இறந்த நாளிலிருந்து மூன்று தேதி எழுதிவைப்பேன். ஒரு மாசம், மூன்று மாசம், முதல் தீபாவளி. ஒரு மாசத்தில் சம்பளத் துண்டு சரியாக வந்ததா என்று கேட்பேன். மூன்று மாசத்தில் நிதிக் காசு விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்பேன். தீபாவளிக்கு முதல் நாள் ஒன்றும் கேட்கமாட்டேன், மலையில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன், அவ்வளவுதான். அந்த வருஷம் அந்த வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கு வரும். அதை நாம் அனுப்புவதா வேண்டாமா என்று கேட்டால், லயத்துச் சொந்தக்காரர் அனுப்பட்டும் என்பேன். நாம் அனுப்பினால் ஐயா அனுப்பினது என்ற பேச்சு வேறு மாதிரிப் போகும்.

கேள்விகள் இருந்தால் பிளேன்டீ குடித்த பிறகு கேளுங்கள். செக்ரோல் கேள்வி கேட்க நினைக்கிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.